எதில் கையெழுத்துப் போட்டீர்கள் மாமா?

என்னுடைய ரெஸ்யூமே ஆறு பக்கம் இருந்தது. முதல் பக்கத்தின் தலையில் அப்பாவின் பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, பாஸ்போர்ட் எண், நிரந்தர முகவரி. அந்த முகவரியில் காவேரிப்பட்டணம், தர்மபுரி மாவட்டம் என்று இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அதே ஆண்டில்தான் நான் பாலிடெக்னிக் முடித்து ஓசூர் சிப்காட்டில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். அன்று தட்டச்சு செய்த அதே கோப்பில், பதவி மாறும்போதெல்லாம் நாலு வரி சேர்த்துக்கொண்டே வந்திருந்தேன். இருபது ஆண்டுகளில் ஒரு வரியைக்கூட எடுத்ததில்லை.

அப்போது இருசக்கர வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் எந்திரப் பிரிவின் மூத்த மேலாளராக இருந்தேன். வேறு ஆலையின் உற்பத்தித் தலைமைப் பொறுப்புக்கு முயலலாம் என்று இரண்டு மாதங்களில் நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒரு அழைப்பும் வரவில்லை. ஆள் எடுத்துத் தரும் முகவர் ஒருவர் மட்டும் தொலைபேசியில் சொன்னார்: “சார், இதைப் படித்தால் நீங்கள் மேலாளரா, ஷிப்ட் சூப்பர்வைசரா என்றே புரியவில்லை.” அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 140 பேர் வேலை செய்யும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. அது அந்த ஆறு பக்கத்தில் எங்குமே இல்லை என்பது மறுநாள் காலை தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பெங்களூரில் ஆட்சேர்ப்புப் பிரிவில் இருக்கும் அக்கா மகள் பொங்கல் விடுமுறைக்குக் கிருஷ்ணகிரி வந்திருந்தாள். அச்செடுத்துக் கொடுத்தேன். அவள் பென்சிலை எடுத்து ஒரே மாதிரி வரிகளுக்குப் பக்கத்தில் சுழி போட ஆரம்பித்தாள். உற்பத்தித் திட்டமிடல், ஆட்களை ஒதுக்குதல், 5எஸ் என்னும் பணியிட ஒழுங்கு முறையைப் பராமரித்தல், கழிவைக் குறைத்தல். இந்த நான்கும் ஐந்து பதவிகளின் கீழும் வந்திருந்தன. “2008இல் செய்ததையேதான் 2021க்குப் பிறகும் செய்கிறீர்களா மாமா?” என்றாள். இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என்ன வித்தியாசம் என்று சட்டென்று சொல்ல வரவில்லை.

அப்போது அவள் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. “ஒவ்வொரு பதவியிலும் எந்தத் தாளில் உங்கள் கையெழுத்து செல்லுபடியானது? அதை மட்டும் சொல்லுங்கள்.”

யோசிக்க யோசிக்க வரிசையாக வந்தது. பயிற்சியாளராக இருந்தபோது அளவுப் பதிவேட்டை நான் எழுதுவேன், கையெழுத்து சூப்பர்வைசருடையது. 2008இல் ஷிப்ட் பொறுப்பாளரானதும் ஷிப்ட் ஒப்படைப்புப் பதிவேட்டில் என் கையெழுத்து. 2012இல் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறியாளராக மாறினேன். அங்கே புதிய உதிரிபாகத்துக்கான கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் வந்தது. 2017இல் மேலாளரான பிறகு 46 பேரின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்திலும், கூடுதல் நேர வேலைக்கான ஒப்புதலிலும் நான் கையெழுத்திட்டேன். 2021இல் மூத்த மேலாளர். புதிய எந்திரம் வாங்கும் முன்மொழிவு என் மேசையிலிருந்து கிளம்பி ஆலைத் தலைவருக்குப் போனது. பிரிவின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை நான் போட்டேன்.

இந்த வரிசையை வைத்துக்கொண்டு ஒரு விதி செய்துகொண்டோம். ஒரு வேலையை முதன்முதலில் எந்தப் பதவியில் செய்தேனோ அங்கே மட்டும் அது இருக்கும். முந்தைய பதவியிலும் செய்திருக்கக்கூடிய வரியென்றால் அடுத்த பதவியின் கீழ் அதற்கு இடமில்லை. மூத்த மேலாளர் பதவியின் கீழ் நான் எழுதி வைத்திருந்த பதினொரு வரிகளில் இந்த விதிக்குத் தப்பியவை மூன்றுதான். மனம் கனத்தது. ஆனால் அந்த மூன்றையும் தனியாகப் படித்தபோது, முகவர் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது.

அடுத்ததாக எண்கள். இங்கேதான் அதிக நேரம் போனது. பழைய வரி தமிழில் இப்படி இருந்தது: ‘கைசன், 5எஸ், போகா யோகே முறைகளின் மூலம் நிராகரிப்பைக் குறைத்து உற்பத்தித் திறனை உயர்த்தினேன்.’ எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்று கேட்டாள். பெருமையாகவே சொன்னேன், 2.8 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதத்துக்கு, பதினான்கு மாதத்தில். அப்படியே எழுதிவிட்டாள். எழுதிய பிறகு எனக்கு உறுத்தியது.

காரணம் இது. நாங்கள் அலுமினிய வார்ப்புகளை வெளியிலிருந்து வாங்கிக் கடைந்தோம். வார்ப்புக்குள் இருக்கும் காற்றுத் துளை கடைந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால் அந்தக் காயும், அதாவது கடைந்த உதிரிபாகமும், எங்கள் பிரிவின் நிராகரிப்புக் கணக்கில்தான் சேர்ந்துகொண்டிருந்தது. நான் மேலாளரான பிறகு செய்த முதல் வேலை, துளையால் போன காயையும் அளவு பிசகிப் போன காயையும் இரண்டு சிவப்புப் பெட்டிகளில் தனித்தனியாகப் போடச் சொன்னது. 2.8இல் 1.1 வார்ப்புக் குறை என்று தெரிந்தது. அதை வார்ப்பு தருபவர் கணக்கில் எழுதத் தொடங்கியதுமே, ஒரு காய்கூட மேம்படாமல் எங்கள் எண் 1.7 ஆனது. உண்மையில் நாங்கள் உழைத்துக் குறைத்தது 1.7இலிருந்து 0.8 வரைதான். நாங்கள் கடையும் துவாரத்தின் உட்புற விட்டம் ஷிப்ட் தொடக்கத்தில் மட்டும் பிசகுவதைக் கண்டுபிடித்தோம். எந்திரம் சூடேறுவதற்கு முன்பே அளவைத் திருத்திவிடுகிறார்கள், அது சூடான பிறகு அளவு ஓடிவிடுகிறது. முதல் பதினைந்து நிமிடம் காய் இல்லாமல் எந்திரத்தை ஓட்டி, அதன் பிறகே திருத்த வேண்டும் என்று மாற்றினோம்.

இதை நான் சொல்லி முடித்ததும் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். “2.8 என்று போட்டால் உங்கள் துறைக்காரர் யாராவது காற்றுத் துளையைப் பற்றிக் கேட்பாரா?” முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும் என்றேன். கடைசியில் வரி இப்படி அமைந்தது: ‘வார்ப்புக் குறையையும் கடைசல் குறையையும் பிரித்துக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தேன், கடைசலால் வரும் நிராகரிப்பு 14 மாதங்களில் 1.7 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமானது.’ எண் சிறியதாகிவிட்டது. ஆனால் இந்த வரியின் ஒவ்வொரு சொல்லையும் என்னால் விளக்க முடியும்.

எண்களை எடுக்க ஆலையின் அறிக்கை எதையும் நான் வெளியே கொண்டுவரவில்லை. என்னிடம் இருந்த சொந்த மதிப்பீட்டுப் படிவங்களின் நகல்களே போதுமானவையாக இருந்தன. வாடிக்கையாளர் பெயர்களையும் எடுத்துவிட்டோம். ‘ஏற்றுமதி செய்யும் இருசக்கர வாகன நிறுவனம்’ என்று சொன்னால் துறையில் உள்ளவருக்குப் போதும்.

காலாவதியானவற்றை நீக்குவது எளிது என்று நினைத்தேன். சில எளிதாகத்தான் இருந்தன. பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் போயின. ‘மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்ற கடைசிப் பத்தியும் போனது. விண்டோஸ் 98 தெரியும் என்ற வரி போனது. வாகனத் துறைத் தரநிலையான ஐஎஸ்ஓ/டிஎஸ் 16949க்கான உள்தணிக்கையாளர் சான்றிதழ்தான் சிக்கலானது. அந்தத் தரநிலையின் இடத்துக்கு 2016இல் ஐஏடிஎஃப் 16949 வந்துவிட்டது. பழையதை மட்டும் போட்டிருந்தால், எட்டு ஆண்டுகளாக இவர் தணிக்கைப் பக்கமே போகவில்லை என்று படிப்பவர் நினைப்பார். நான் புதியதற்கும் 2018இல் பயிற்சி எடுத்திருந்தேன். ஆனால் அது ஐந்தாம் பக்கத்தில், ‘கலந்துகொண்ட பயிற்சிகள்’ என்ற இருபத்திரண்டு வரிப் பட்டியலுக்குள் புதைந்து கிடந்தது. அதை மேலே கொண்டுவந்தோம். பட்டியலில் மற்றவை எல்லாம் போயின.

2004 முதல் 2012 வரையிலான எட்டு ஆண்டுகளை அடியோடு எடுத்துவிடலாமா என்று நானே கேட்டேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தையதை யாரும் படிப்பதில்லை என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். அக்கா மகள் ஒப்பவில்லை. “எடுத்தால் நீங்கள் நேராகப் பொறியாளராகப் பிறந்தது போல இருக்கும். ஏறி வந்ததைக் காட்ட முதல் படி வேண்டும், ஆனால் அதற்கு ஒரு பக்கம் தேவையில்லை.” பயிற்சியாளர், பிறகு ஷிப்ட் பொறுப்பாளர், ஆண்டுகள், எத்தனை எந்திரங்கள். இரண்டே வரி. முதல் ஆலையில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த சூப்பர்வைசரோடு சேர்ந்து முதல் சிஎன்சி எந்திரத்தை நிறுவிய வரி அதில் போய்விட்டது. அதை நீக்கும் பொத்தானை அழுத்தக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு குழப்பம் நிறுவனப் பெயரில் இருந்தது. நான் 2012இல் சேர்ந்த நிறுவனம் இடையில் வேறொன்றோடு இணைந்து பெயர் மாறியது. நான் இரண்டையும் தனித்தனித் தலைப்பாக எழுதியிருந்ததால் மூன்று இடம் மாறியவன் போலத் தெரிந்தது. இப்போதைய பெயரைத் தலைப்பாக்கி, பழைய பெயரை அருகில் சிறிதாக எழுதி, அதன் கீழே பொறியாளர், துணை மேலாளர், மேலாளர், மூத்த மேலாளர் என்று நான்கு பதவிகளையும் மேலிருந்து கீழாக, புதியது முதலில் வரும்படி அடுக்கினோம். ஏற்றம் ஒரே பார்வையில் தெரிந்தது. சேர்ந்த மாதங்களை வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் இருக்கும் பணி விவரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். பின்னணிச் சரிபார்ப்பில் அதைப் பார்ப்பார்கள். ஒரு இடத்தில் இரண்டு மாதம் தவறாக எழுதியிருந்தேன்.

கடைசிச் சோதனை ஐந்து நிமிட வேலை. கோப்பு முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டச் சொன்னாள். நான் ஆண்டுகளை ஒரு கட்டத்திலும் பதவிகளை இன்னொரு கட்டத்திலும் அட்டவணையாகப் போட்டிருந்தேன். ஒட்டியபோது எந்த ஆண்டு எந்தப் பதவிக்குரியது என்றே தெரியாமல் வரிகள் சிதறின. விண்ணப்பத் தளங்கள் பலவும் கோப்பை இப்படித்தான் பிரித்துப் படிக்கின்றனவாம். அட்டவணையைக் கழற்றிவிட்டுச் சாதாரண வரிகளாக எழுதினோம். மொத்தம் இரண்டு பக்கம்.

மூன்றாவது வாரம் சூளகிரிப் பக்கமிருக்கும் ஒரு ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. நேர்காணலில் ஆலைத் தலைவர் தாளைப் புரட்டாமல் முதல் பக்கத்திலேயே விரலை வைத்தார். “துளையை எப்படிப் பிரித்தீர்கள்? வார்ப்பு தருபவர் ஒத்துக்கொண்டாரா?” ஒத்துக்கொள்ளவில்லை, முதல் நான்கு மாதம் சண்டைதான் என்றேன். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். ஏப்ரலில் அங்கே சேர்ந்தேன்.

இந்த ஆண்டு புதிய ஆலையின் மதிப்பீட்டுப் படிவத்தை எழுதி முடித்த கையோடு ரெஸ்யூமேயையும் திறந்தேன். புதிய பதவிக்கு இரண்டு வரி சேர்க்க வேண்டும், எனவே கீழே இரண்டு வரி போக வேண்டும். ஒன்று முடிவாகிவிட்டது. இன்னொன்று ஷிப்ட் பொறுப்பாளர் வரியா, கட்டுப்பாட்டுத் திட்ட வரியா என்று அக்கா மகளிடம் கேட்டிருக்கிறேன்.