பேசிக்கா, ஃபிக்ஸடா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பராமரிப்பு இன்ஜினியர் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கு, சம்பளம் கொஞ்சம் ஏத்திக் கேட்கணும்னு வெச்சுக்குவோம். மாதம் ஃபிக்ஸட் 60,000, அதுல பேசிக் 30,000, மீதி அலவன்ஸ்.

மெயில்ல "பேசிக் ஏத்துங்க"ன்னு மட்டும் எழுதினா மாட்டிக்குவீங்க. சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யுற மொத்தச் செலவு, மாறாம, அலவன்ஸ்ல இருந்து 8,000 எடுத்து பேசிக்ல போட்டாலும் கேட்டது கிடைச்ச கணக்குதான். முழு பேசிக்குக்கும் பிஎஃப் பிடிக்கிற கம்பெனியா இருந்தா, உங்க பங்கு 960, அவங்க பங்கு 960, கிராஜுவிட்டி ஒதுக்கீடு சுமார் 385 கூடும். எல்லாம் அதே சிடிசிக்குள்ளதான். கைக்கு வர்றது மாதம் 2,300 போலக் குறையும். பிஎஃப்ல சேரும், சரி; ஆனா கோத்தகிரி வாடகைக்கு உதவாது.

அதனால இப்படி எழுதுங்க: "மாத ஃபிக்ஸட் சம்பளத்தை 60,000-லிருந்து 68,000 ஆக்கி, அதற்கேற்ப சிடிசியையும் உயர்த்தித் தரக் கேட்டுக்கொள்கிறேன்."

ஆர்வத்தை அதுக்கு முன்னாடியே, வேலையோட சேர்த்துச் சொல்லணும். "மிகுந்த ஆர்வம்"னு எல்லாரும்தான் எழுதுறாங்க. "வாடல் தொட்டி விசிறிகளின் மின்செலவைக் குறைப்பது பற்றி நேர்காணலில் பேசினோம், அந்த வேலையை எடுத்துச் செய்ய விரும்புகிறேன்"னு எழுதினா, படிக்கிற மேனேஜர் அதையே காரணமாக் காட்டி மேலிடத்துல பேசுவார்.

கடைசி வரி: "68,000 உறுதியானால் அன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன்." அதை நிஜமாவே செய்யத் தயாரா இருந்தா மட்டும் எழுதுங்க.