அடுத்த கட்டம் எது? சுடோகு போட்டிப் பயிற்சியில் ஜோடிகளால் கிடைத்த விடை

கல்லூரிகளுக்கு இடையிலான சுடோகு போட்டிக்குப் பயிற்சி எடுத்த நாட்களில் என் நேரத்தை அதிகம் தின்றது புதிரின் நடுப்பகுதிதான். தொடக்கத்தில் எண்கள் மளமளவென்று விழும். பாதி நிரம்பியதும் எல்லாம் நின்றுவிடும். 81 கட்டங்களையும் மீண்டும் மீண்டும் சுற்றி வருவேன். ஒரே எண்ணுக்கு மட்டும் இடமுள்ள கட்டத்தைத் தேடியதே நான் செய்த தவறு. அந்த நிலையில் அப்படி ஒரு கட்டமே இருக்காது. தேட வேண்டியது, அதே இரண்டு எண்களை மட்டும் சுமக்கும் இரண்டு கட்டங்களை, அதாவது ஒரு ஜோடியை.

எனக்கு இது புரிந்த புதிரின் ஐந்தாவது கிடைவரிசையை அப்படியே தருகிறேன். அடைப்புக்குள் இருப்பவை காலிக் கட்டங்களில் வரக்கூடிய எண்கள்.

```
[26] 4 [26] 7 [238] 1 [256] 9 [3568]
```

இந்த வரிசைக்கு இன்னும் வேண்டியவை 2, 3, 5, 6, 8. இவற்றில் 3, 5, 8 மூன்றும் இடப்பக்க 3×3 பெட்டியில் ஏற்கெனவே இருந்தன. அதனால் முதல் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் 2, 6 மட்டுமே மிஞ்சின. எது எங்கே என்று அப்போது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இந்த வரிசையில் வேறெங்காவது 2 போட்டால், அந்த இரண்டு கட்டங்களுக்கும் சேர்த்து 6 ஒன்றுதான் மிஞ்சும். ஒரு 6 இரண்டு கட்டங்களை நிரப்பாது. எனவே 2, 6 இரண்டும் அந்தக் கட்டங்களுக்கே சொந்தம். மற்றக் கட்டங்களிலிருந்து அவற்றை அடித்துவிடலாம்.

அடித்துப் பாருங்கள். ஐந்தாம் கட்டத்தில் 3, 8 நிற்கும். ஒன்பதாம் கட்டத்தில் முதலிலேயே 2 இல்லாததால் 6 மட்டும் போய், 3, 5, 8 நிற்கும். ஏழாம் கட்டத்தில் 2, 6 இரண்டுமே போய் 5 மட்டும் நிற்கும். நான் தேடிக்கொண்டிருந்த அடுத்த கட்டம் அதுதான். அங்கே 5 போட்டதும் ஒன்பதாம் கட்டத்தின் 5 போய்விட, 3, 8 என்று இன்னொரு ஜோடி உருவானது.

இதோடு நிறுத்திவிட்டு வேறு இடம் போவதுதான் அதுவரை என் வழக்கம். அது பெரிய நஷ்டம். ஜோடியின் இரண்டு கட்டங்களும் ஒரே வரிசையில் மட்டுமல்ல, ஒரே பெட்டியிலும் இருக்கின்றன. அப்படியானால் அந்தப் பெட்டிக்குள்ளும் வேறெங்கும் 2, 6 வராது. ஜோடியில் ஒன்றான முதல் கட்டத்துக்கு மேலே வலப்பக்கம், அதாவது நான்காம் கிடைவரிசையின் இரண்டாம் கட்டத்தில், 2, 9 என்று எழுதியிருந்தேன். பெட்டியில் 9 வரக்கூடிய இடம் வேறும் இருந்ததால் அதை முடிவு செய்ய முடியவில்லை. 2 அடிபட்டதும் அது 9 ஆகிவிட்டது. ஒரே ஜோடியால் இரண்டு கட்டங்கள் நிரம்பின. அன்றிலிருந்து, வரிசையையும் பெட்டியையும் ஒன்றாகப் பகிரும் ஜோடியை எங்கே கண்டாலும் அதைத்தான் முதலில் எடுக்கிறேன்.

தேடும் இடத்தையும் சுருக்கிக்கொண்டேன். நான்கு அல்லது ஐந்து காலிக் கட்டங்கள் உள்ள வரிசையும் பெட்டியும்தான் எனக்கு நன்றாகப் பலன் தந்தன. மூன்றே காலி இருந்தால் பெரும்பாலும் ஜோடி இல்லாமலே முடிந்துவிடும். ஏழெட்டு காலி இருந்தால் இரண்டு எண்களோடு நிற்கும் கட்டம் அரிது. எல்லாக் கட்டங்களிலும் எல்லா எண்களையும் சிறிதாக எழுதி வைப்பதையும் விட்டுவிட்டேன். இரண்டே எண்கள் மிஞ்சும் கட்டத்தில் மட்டும் எழுதினால், தாளைப் பார்த்ததும் ஜோடி கண்ணில் படும்.

கவனம் தேவைப்படுவது இரண்டு இடங்களில். முதலாவது, ஜோடிக் கட்டங்கள் ஒரே வரிசையிலோ, நெடுவரிசையிலோ, பெட்டியிலோ இருக்க வேண்டும். மேல் இடது மூலையில் ஒரு 2, 6, கீழ் வலது மூலையில் ஒரு 2, 6 என்று இருந்தால் அவை ஒன்றையொன்று கட்டுப்படுத்தா. இரண்டாவது இன்னும் ஆபத்தானது: உண்மையில் 2, 6, 8 வரக்கூடிய கட்டத்தில் 8-ஐ எழுத மறந்துவிடுவது. இல்லாத ஜோடி இருப்பதாகத் தோன்றும். தவறு உடனே தெரியாது. பல கட்டங்கள் தள்ளி, ஏதோ ஒரு கட்டத்தில் எந்த எண்ணும் பொருந்தாதபோதுதான் தெரியும். ஒரு பயிற்சித் தேர்வில் கடைசிப் புதிரை இப்படித்தான் முழுவதும் அழிக்க நேர்ந்தது. அதன்பிறகு எந்த ஜோடியை வைத்தும் ஓர் எண்ணை அடிக்கும் முன், அந்த இரண்டு கட்டங்களுக்கும் 1 முதல் 9 வரை ஒருமுறை எண்ணி, ஜோடியில் இல்லாத ஒவ்வொரு எண்ணும் ஏன் வராது என்று பார்த்துக்கொள்கிறேன். சில விநாடிகள்தான் ஆகும்.

புதிதாக 5 விழுந்த ஏழாம் நெடுவரிசை, 9 விழுந்த இரண்டாம் நெடுவரிசை, இவை இரண்டும்தான் அந்தப் புதிரில் நான் அடுத்துப் பார்த்த இடங்கள். 3, 8 ஜோடியை அப்படியே விட்டுவைத்தேன். அதன் இரண்டு கட்டங்களும் வெவ்வேறு பெட்டிகளில் இருந்தன, வரிசையிலும் அடிக்க எதுவும் மிச்சமில்லை. ஐந்தாம் நெடுவரிசையிலோ ஒன்பதாம் நெடுவரிசையிலோ ஒரு 3 அல்லது 8 விழுந்தால் போதும், இரண்டும் ஒன்றாக நிரம்பிவிடும்.