கையில் 18, திரையில் 4

சி மொழி பேப்பருக்கு பிட் கணக்குகள் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. மார்த்தாண்டத்தில் அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே நல்ல மழை, கரண்ட் வேறு போய்விட்டது, லேப்டாப்பில் கொஞ்சம்தான் சார்ஜ் இருந்தது. சரி, எல்லாவற்றையும் முதலில் கையால் போட்டுவிட்டு கடைசியில் ஒரே தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று 22, 13 இரண்டையும் எடுத்தேன்.

பைனரியில் 22 என்பது 10110. 13 என்பது 1101. இதில் சந்தேகமே இல்லை, 16+4+2, அப்புறம் 8+4+1. ஒன்றின் கீழ் ஒன்று எழுதி ஆண்ட், ஆர், எக்ஸார் மூன்றும் போட்டேன், 18, 30, 12 என்று வந்தது. பிறகு இதை ஓட்டினேன்:

```
printf("%d %d %d\n", 22 & 13, 22 | 13, 22 ^ 13);
```

திரையில் `4 31 27`. ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. விதி எனக்குத் தெரியும்: இரண்டும் 1 ஆனால்தான் ஆண்ட் 1, ஏதாவது ஒன்று 1 ஆனாலே ஆர் 1, இரண்டும் வேறுவேறானால் எக்ஸார் 1. ஒவ்வொரு கட்டமாகத் திரும்பப் பார்த்தேன், அதே 18தான் வருகிறது.

நான் எழுதியது அப்பாவின் ரப்பர் ஷீட் கணக்கு நோட்டில். நோட்டைத் தேடி வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னலே, ஒண்ணாம் ஸ்தானம் நேரா நிக்கல்லியே. கணக்கு எழுதும்போ வலது பக்கம்லா நேரா பிடிக்கணும்" என்றார். அவருக்கு பைனரி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் அதுதான் பிழை. 10110-இல் ஐந்து இலக்கம், 1101-இல் நாலு. நான் இரண்டையும் இடது ஓரத்தில் சேர்த்து எழுதியதால் 13-இன் எல்லா பிட்டும் ஒரு இடம் இடதுபக்கம் தள்ளிப்போய் 11010 ஆகிவிட்டது, அதாவது 26. நான் போட்டது 22-க்கும் 26-க்குமான கணக்கு! விதியைச் சரியாகத்தான் போட்டிருக்கிறேன், அதனால்தான் எத்தனை தடவை பார்த்தும் தப்பு கண்ணில் படவில்லை.

இந்தத் தடவை மேலே இட மதிப்பை எழுதிவிட்டு, குறைகிற இடத்தில் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு எழுதினேன்:

```
     16  8  4  2  1
22    1  0  1  1  0
13    0  1  1  0  1
-------------------
&     0  0  1  0  0   = 4
|     1  1  1  1  1   = 31
^     1  1  0  1  1   = 27
```

4 என்கிற நெடுவரிசையில் மட்டும்தான் இரண்டும் 1. அங்கே எக்ஸாருக்கு 0, அவ்வளவுதான், பக்கத்து வரிசைக்கு எதுவும் போகாது. கூட்டல் பழக்கத்தில் கை தானாக மேலே ஒரு 1 போடப் போகும், நான் இரண்டு தடவை போட்டு அழித்திருக்கிறேன்.

அப்புறம் நோட்டை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று பிடிபட்டது. 4+31 எவ்வளவு? 35. 22+13-உம் 35. இது தற்செயல் இல்லை. ஒரு நெடுவரிசையில் இரண்டு 1 இருந்தால் ஒன்று ஆண்டுக்கும் ஒன்று ஆருக்கும் போகிறது, ஒரே ஒரு 1 இருந்தால் அது ஆருக்கு மட்டும் போகிறது, ஆகவே மொத்தம் எப்போதும் மாறாது. ஆரிலிருந்து ஆண்டைக் கழித்தால் எக்ஸார் வரும், 31−4=27. என் பழைய விடையை இதில் போட்டால் 18+30=48, 35 இல்லை. ஆனால் 30−18=12 மட்டும் சரியாக வந்துவிடுகிறது பாருங்கள், அதனால் கழித்தலை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். மூல எண்களின் கூட்டலோடு ஒப்பிட்டால்தான் இடம் தள்ளிப்போனதோ 22-ஐயே பைனரியில் தப்பாக எழுதியதோ அகப்படும். ஒரே நெடுவரிசையில் ஆண்டையும் ஆரையும் மாற்றிப் போட்டுவிட்டால் மட்டும் கூட்டலும் கண்டுபிடிக்காது, அதற்கு அந்த வரிசையைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

சார்ஜ் தீரும் முன்பு கடைசியாக `if (22 & 13 == 4)` என்று எழுதி ஓட்டினால், பொய் என்றது. தாளில் 4 கண்ணெதிரே இருக்கிறது. சி மொழியில் `==` தான் முதலில் நடக்கும், 13-உம் 4-உம் சமமில்லை, அதனால் 0, பிறகு 22-க்கும் 0-க்கும் ஆண்ட் போட்டால் 0. `(22 & 13) == 4` என்று அடைப்புக்குறி போட்டதும் சரியானது. லேப்டாப் அணைந்தது, அப்பா நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.