எந்த ஊர் ரூபாய்?

கோயம்புத்தூரில் பம்ப் விற்கும் ஒரு கம்பெனியில் கொட்டேஷன் போடுவது என் வேலை. மின்னஞ்சலில் வரும் விசாரணைகளில் பாதிப் பேர் தங்கள் ஊரைச் சொல்வதில்லை. எழுத்திலிருந்து நாங்களாகவே ஊகித்துக்கொள்வோம்.

2024 மே மாதம் வந்த ஒன்று இது: 40 பேர்ச் தோட்டம், பட்ஜெட் Rs. 90,000, 05/06க்குள் தேவை, "colour" நீலமாக இருந்தால் நல்லது. எங்கள் பையன் உடனே சொன்னான்: "இந்தியாதாண்ணா. Rs. போட்டிருக்கார், colour-ல u இருக்கு, தேதியும் நாள் முதல்ல."

மூன்று தடயம் என்று அவன் எண்ணியது உண்மையில் ஒன்றுதான். பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன பழக்கங்கள் அவை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொது. எழுத்துக்கூட்டலை வைத்து அமெரிக்காவைத் தள்ளலாம், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதிலும் போனில் ஆட்டோகரெக்ட் இருந்தால் அதையும் நம்ப முடியாது. 05/06 ஜூன் ஐந்து என்றும் அவனாகவே முடிவு செய்திருந்தான். அதே கடிதத்தில் 28/05 மாதிரி பன்னிரண்டைத் தாண்டிய எண் எங்காவது இருந்தால்தான் அது உறுதி. இதில் இல்லை.

கமா பல நேரம் கைகொடுக்கும். 1,25,000 என்றால் நம் பக்கம். இலங்கையில் பெரும்பாலும் 125,000 என்று எழுதுவார்கள். ஆனால் லட்சத்துக்குக் கீழே இரண்டும் ஒரே மாதிரி. 90,000 வாயே திறக்காது.

எனக்குப் பட்டது அந்த பேர்ச்தான். இங்கே யாரும் அதில் நிலம் அளப்பதில்லை, சென்ட்தான். இலங்கையில் அது அன்றாட அளவு. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஒரு ஏக்கர். ஆக 40 பேர்ச் கால் ஏக்கர், நம் கணக்கில் 25 சென்ட். இலங்கை ரூபாய் என்றால் அப்போதைய மதிப்பில் 90,000 என்பது நம் பணத்தில் 25,000 சொச்சம். கிணற்றுக்கு ஒரு HP மோனோபிளாக் போட்டுவிடலாம், கணக்கு அழகாக உட்கார்ந்தது. மோட்டாரைப் பற்றிக் கவலையில்லை, இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். விலையும் தேதியும்தான் இடிக்கும். அதனால் அவை இரண்டை மட்டும் கேட்டு எழுதினேன்: எந்த நாட்டு ரூபாய், ஜூன் ஐந்தா மே ஆறா? மே ஆறு தாண்டிவிட்டதே என்று பையன் சிரித்தான். போன வருடத்துக் கடிதத்தை அப்படியே திரும்ப அனுப்புகிறவர்களும் உண்டப்பா என்றேன்.

பதில் வந்தது. அவர் இருப்பது யாழ்ப்பாணம், தோட்டம் இருப்பது திருச்சிப் பக்கம். இந்திய ரூபாய், ஜூன் ஐந்து. கிணறு இல்லை, ஆழமான போர்வெல். அதனால்தான் கேபிள், பைப், பேனல் எல்லாம் சேர்த்து அந்த பட்ஜெட். பேர்ச் அவர் ஊரைச் சொன்னது, பம்ப் போகிற ஊரைச் சொல்லவில்லை.

சப்மெர்சிபிளுக்குக் கொட்டேஷன் போட்டோம். தொகைக்கு முன்னால் INR, தேதிக்கு 5 ஜூன் 2024, பரப்புக்கு பேர்ச்சும் சென்ட்டும் இரண்டும்.