பேரேட்டுல வட்டி எங்க இருக்கு?

ஒரு ஆவணச் சேகரிப்புல நான் கொஞ்ச நாளா பழைய கணக்கு நோட்டுகளப் படிச்சு எக்ஸெல்ல ஏத்துற வேலை பாக்குறேன். இப்ப கையில இருக்கறது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மளிகைக்கடையோட பேரேடு, துன்முகி வருஷத்து நோட்டு, அதாவது 1956 சித்திரைலேர்ந்து 1957 பங்குனி வரைக்கும். கூடவே அதே வருஷத்து சிட்டையும் கெடச்சுது. சிட்டைன்னா அன்னன்னிக்கி கடைல நடந்தத அப்படியே கிறுக்கி வைக்கறது, ராத்திரி கடை கட்டுனப்புறம் அதுலேர்ந்து கடன் வியாபாரத்த மட்டும் ஆள் பேருக்கு பேரேட்டுல ஏத்துவாங்க. இந்த ரெண்டும் சேர்ந்து கெடைக்கறது ரொம்ப அபூர்வம், ஏன்னா பேரேட்ட பத்திரமா வச்சிருப்பாங்க, சிட்டைய பொட்டலம் மடிக்கப் போட்டுடுவாங்க.

மொத வாரமே ஒரு தப்பு பண்ணேன். 1-4-0ன்னு இருந்தத 1.40ன்னு அடிச்சுட்டேன். அது ஒரு ரூபா நாலணா, ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, அப்ப இன்னிக்கி கணக்குல அது 1.25. பக்கத்துல மூணு வரி, 1-4-0, 0-12-0, 2-8-0, கீழ அவர் போட்ட கூட்டு 4-8-0, என் ஷீட்டு என்னவோ வேற தொகை காட்டுச்சு, அதனாலதான் மாட்டுனேன். அதுலேர்ந்து கடைக்காரர் போட்ட கூட்டோட ஒத்துப்போகாம எந்தப் பக்கத்தையும் நான் மூடறதில்ல.

இந்தப் பேரேட்டுல என்னைய ரொம்ப நாள் யோசிக்க வச்சது, வட்டின்னு ஒரு வரி கூட இல்லாததுதான். ஆறு மாசம் எட்டு மாசம் கடன் நிக்குது, பாக்கி மட்டும் பக்கம் பக்கமா தள்ளிட்டுப் போகுது, வட்டி இல்ல. சரி மனுஷன் நல்லவர்போலன்னு நெனச்சேன். அப்புறம் சிட்டைய பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஆவணி மாசம் ஒரு நாள், புளி கால் வீசை ரொக்கத்துக்கு 0-3-0. அதே நாள் கடன்ல வாங்குனவருக்கு அதே கால் வீசை புளி 0-3-6. மூணணா புளிக்கு அரையணா கூட, ஆறுல ஒரு பங்கு ஏத்தி எழுதியிருக்கார். வட்டி வெலைக்குள்ளயே உக்காந்திருக்கு!

ஆனா ஒரு வரிய வச்சு அப்படிச் சொல்லிட முடியாது. பழம்புளி ஒரு வெலை, புதுப்புளி ஒரு வெலை, ரெண்டையும் வெறும் புளின்னுதான் எழுதுவாங்க. அதனால ஒரே நாள்ல ஒரே சாமான் ரொக்கத்துக்கும் கடனுக்கும் போன எடமா தேடித் தேடி எடுத்தேன். பருப்பு, மண்ணெண்ணெய், மொளகா எல்லாத்துலயும் கடன் வெலை கொஞ்சம் கூடத்தான் இருக்கு, உப்புல மட்டும் வித்தியாசமே இல்ல. மண்ணெண்ணெய்ல பழசு புதுசுன்னு கெடையாது, அதுதான் என்னைய நம்ப வச்சுது. ஆக, பேரேட்ட மட்டும் வச்சுகிட்டு 1956ல புளி என்ன வெலைன்னு யாராவது எழுதுனா அவங்க எழுதறது கடன் வெலை, சந்தை வெலை இல்ல. வீசைன்னா ஏறக்கொறைய 1.4 கிலோ, கடன் வெலைப்படி வீசை 14 அணா, கிலோ 62 காசு சொச்சம் வரும். ரொக்கத்துக்குப் போட்டா 54 காசுக்குக் கீழ வந்துடும்.

வாங்குனவங்க திருப்பிக் கட்டுற விதமும் ஒரே மாதிரிதான். ஆடிலேர்ந்து மார்கழி வரைக்கும் பக்கம் முழுக்க பற்று, தை பொறந்ததும் வரவு, அதுவும் பாதிப் பேருக்கு பணமா இல்ல, நெல்லா. களம் அடிச்ச சூட்டுல நெல் வெலை எறங்கிக் கெடக்கும்போது அந்த வெலைக்கே வரவு வச்சிருக்கார். கொடுக்கறப்ப வெலைய ஏத்தி, வாங்கறப்ப எறங்குன வெலைல வாங்கி, ரெண்டு பக்கமும் அவருக்குத்தான். ஆனா அவர் மட்டும் இல்லேன்னா ஐப்பசி மழைல வேலை இல்லாத வீட்டுக்கு பருப்பும் எண்ணெயும் யார் குடுத்திருப்பான்னும் தோணுது, அதனால அவர அயோக்கியன்னு எழுத எனக்கு மனசு வரல.

ஒரு பக்கத்த மட்டும் திரும்பத் திரும்பப் பாத்துகிட்டிருக்கேன். வாரா வாரம் அரைப் படி பருப்பு, வெத்தலை, பொகையிலன்னு ஒழுங்கா வாங்கிட்டிருந்த ஒருத்தர். கார்த்திகைல ஒரே நாள்ல நெய், வெல்லம், எள்ளு, கற்பூரம், பச்சரிசி, எல்லாம் வழக்கத்த விட பல மடங்கு. அதுக்கப்புறம் பொகையில வரியே இல்ல. தைல நெல் வரவு இல்ல. பங்குனிக் கடைசில பாக்கிய புதுக்கணக்குக்குக் கொண்டுபோன எடத்துல தகப்பன் பேர அடிச்சுட்டு, மேல மகன் பேர எழுதியிருக்கு. தொகைல ஒரு பைசா கொறையல.