ஷாஃப்ட் கணக்கு

எங்கள் கோயம்புத்தூர் பம்ப் பட்டறையில் ஷாஃப்டை வெளியே வாங்கினால் 210 ரூபாய். நாமே கடைந்தால் 240 ஆகும் என்று கணக்குப் பார்க்கும் அண்ணன் தாளை நீட்டினார். அந்த 240-இல் வாடகைப் பங்கும் சூப்பர்வைசர் சம்பளப் பங்கும் சேர்ந்து 60 ரூபாய். வெளியே வாங்கினால் மட்டும் வாடகை குறைந்துவிடுமா என்ன? அதைக் கழித்தால் 180தான். சரி, நாங்களே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

அப்புறம்தான் ஷாஃப்ட் கடையும் லேத்தைப் பார்த்தேன். அது சும்மா நிற்கவில்லை. ஒரு ஷாஃப்டுக்கு 20 நிமிடம் பிடிக்கும். அதே 20 நிமிடத்தில் வெளி ஆர்டர் ஓட்டினால் செலவு போக 50 ரூபாய் நிற்கும். அதை விட்டுக்கொடுப்பதையும் சேர்த்தால் 230! போன வாரத்திலிருந்து வாங்குகிறோம். ஆர்டர் குறைந்து லேத் காலியானால் மறுபடி நாங்களே கடைவோம்.