41,400 வரிகளில் 300

எங்கள் கல்லூரி நூலகத்தின் அக்செஷன் ரிஜிஸ்டர்களை, அதாவது வாங்கும் ஒவ்வொரு நூலுக்கும் வரிசை எண் கொடுத்து ஒரு வரியில் எழுதிவைக்கும் பதிவேடுகளை, எக்செல் கோப்பாக மாற்றும் வேலையை வெளியில் கொடுத்திருந்தோம். ரிஜிஸ்டரின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பினோம். அவர்கள் தட்டச்சு செய்து ஒரே கோப்பாகத் திருப்பி அனுப்பினார்கள். “தணிக்கை வருவதற்குள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் சார், பத்து சதவீதம் பார்த்தால் போதும்” என்றார் முதல்வர்.

பத்து சதவீதம் என்றால் 4,140 வரிகள். ஒரு வரிக்குப் பதிவேட்டை எடுத்து, பக்கம் புரட்டி, நூல் பெயர், ஆசிரியர், விலை, பில் எண் எல்லாம் ஒப்பிட எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. மொத்தம் 138 மணி நேரம். நூலகத்தில் நானும் ஒரு உதவியாளரும்தான்.

முதலில் கையால் பார்க்கத் தேவையில்லாததை ஒதுக்கினேன். பதிவேட்டின் கடைசி எண் 41,400. கோப்பில் இருந்ததோ 41,360 வரி. எண்கள் எங்கே விட்டுப்போகின்றன என்று தேடினால், அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் அப்படியே இல்லை. ஸ்கேன் செய்தபோது தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதை எத்தனை வரியைக் கையால் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. கோப்பிலிருந்து வரியை எடுத்துப் பதிவேட்டில் தேடும்போது, கோப்பிலேயே இல்லாத வரி கையில் வராது அல்லவா? விடுபட்ட 40 வரிகளையும் சேர்த்தோம். இரட்டை எண்கள், காலிக் கட்டங்கள் ஆகியவற்றையும் எக்செல்லே காட்டிக்கொடுத்தது.

அப்புறம் ஒரு மதியம், கோப்பை மேலும் கீழும் உருட்டி, கண்ணில் பட்ட 50 வரிகளைச் சரிபார்த்தேன். ஒரு தவறும் இல்லை. சந்தோஷமாகப் புள்ளியியல் துறை மேடத்திடம் சொன்னேன். “எந்த 50 சார்?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், எல்லாமே கைக்கு எட்டும் அலமாரியில் இருந்த, நல்ல கையெழுத்துள்ள பதிவேடுகளின் வரிகள். பரண்மேல் இருந்த பழைய நான்கு பதிவேடுகளை நான் தொடவே இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் அது ஒரே தண்ணீரில் ஒன்றாக வெந்த சோறு. எங்கள் பதிவேடுகள் நாற்பது வருடத்தில் ஆறு பேர் எழுதியவை.

“அப்படியானால் நூறாவது, இருநூறாவது, முந்நூறாவது என்று எடுத்துவிடுகிறேன், 414 வரி வரும்” என்றேன். ரொம்ப நியாயமாகத்தான் தோன்றியது. அவர் பதிவேட்டைத் திறந்து, ஒரு பக்கத்தில் எத்தனை வரி என்று எண்ணச் சொன்னார். 20. நூறு என்பது இருபதின் மடங்கு என்பதால், நான் எடுக்கும் வரி எப்போதும் பக்கத்தின் கடைசி வரியாகவே இருக்கும். மற்ற 19 இடங்களை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

எத்தனை வரி என்ற கேள்விக்கு அவர் பதில் எனக்குப் புதிது. கோப்பு எவ்வளவு பெரியது என்பது இங்கே அநேகமாகக் கணக்கிலேயே வராது. எவ்வளவு தவறு இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்பதை முதலில் நான் சொல்ல வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்றேன். ஒரு வரி சரியாக இருக்க 0.99 வாய்ப்பு என்றால், 300 வரியும் சரியாக வர 0.99-ஐ 300 முறை பெருக்க வேண்டும், சுமார் 0.05 வரும். அதாவது கோப்பில் நூற்றுக்கு ஒன்று தவறு இருந்தால், 300 வரியில் ஒன்றுகூடச் சிக்காமல் போவது இருபதில் ஒரு தடவைதான். நூற்றுக்கு இரண்டு வரை பரவாயில்லை என்றால் 150 வரி போதும். மூன்றை அந்த விகிதத்தால் வகுத்தால் எண் வந்துவிடும். 41,000 வரிக்கும் நான்கு லட்சம் வரிக்கும் இதே கணக்குதான். 300 வரி என்றால் பத்து மணி நேரம், மூன்று நாளில் முடியும்.

தேர்ந்தெடுப்பதற்கு, பக்கத்தில் புதிய பத்தி ஒன்றில் எல்லா வரிக்கும் `=RAND()` போட்டு, அதன்படி மொத்த அட்டவணையையும் வரிசைப்படுத்தி, மேலே வந்த 300-ஐ எடுத்தேன். இதில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அந்த எண்கள், ஏதாவது ஒரு கட்டத்தில் எதையாவது தட்டச்சு செய்தாலே மாறிவிடும். முதல் நாள் 40 வரி பார்த்துக் குறித்துவைத்தேன். மறுநாள் திரும்பவும் வரிசைப்படுத்தியதும் என் 40 வரியும் கோப்பு முழுக்கச் சிதறிவிட்டன. எண்களை நகலெடுத்து, மதிப்பாக மட்டும் ஒட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் வரிசைப்படுத்த வேண்டும். அந்த 300 எண்களை அச்செடுத்துத் தேதி போட்டுக்கொண்ட பிறகு புதிதாக ஆரம்பித்தேன்.

எது தவறு என்பதையும் முன்பே எழுதிவைத்தோம். விலை, பில் எண், அக்செஷன் எண் ஆகியவற்றில் ஒரு இலக்கம் மாறினாலும் தவறு. ஆசிரியர் பெயரில் இனிஷியலுக்குப் புள்ளி விட்டுப்போனால் தவறில்லை. பாதியில் முடிவு செய்தால் களைப்புக்கு ஏற்றபடி கை தளரும். ஒரு வரியின் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. அடுத்த வரியை எடுத்துக்கொள்ளலாமே என்று உதவியாளர் கேட்டார். கூடாது, சரிபார்க்க முடியாததும் தவறு என்றே கணக்கு வைத்தோம். கஷ்டமான வரிகளை எல்லாம் பக்கத்து வரியால் மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் சுலபமானவை மட்டும் மிஞ்சும்.

300-இல் 11 தவறு. கரையான் கணக்கையும் ஒரு விலையையும் விட்டால் மீதி ஒன்பதும் பில் எண்கள். ஒன்பதும் பக்கத்தின் முதல் நான்கைந்து வரிகளுக்குள். அந்தப் பக்கங்களை எடுத்துப் பார்த்ததும் விளங்கியது. ஒரே பில்லில் வந்த நூல்களுக்கு, முதல் வரியில் மட்டும் பில் எண்ணை எழுதிவிட்டுக் கீழே ‘மேற்படி’ என்று இரட்டைக் கோடு போடுவது வழக்கம். பில் அடுத்த பக்கத்துக்கும் நீண்டால் அங்கேயும் இரட்டைக் கோடுதான். தட்டச்சு செய்தவரிடம் ஒரு பக்கத்தின் படம் மட்டும் இருந்ததால், அதே பக்கத்தில் கீழே முதலில் தெரிந்த பில் எண்ணைப் போட்டு நிரப்பியிருக்கிறார். கட்டம் காலியாக இல்லாததால் எக்செல்லும் சொல்லவில்லை. பக்கத்தின் கடைசி வரிகளை மட்டும் பார்த்திருந்தால் 414-இலும் இது சிக்கியிருக்காது.

காரணம் தெரிந்த பிறகு வரி வரியாகப் பார்க்கத் தேவையில்லை. 2,070 பக்கங்களையும் புரட்டி, இரட்டைக் கோட்டில் தொடங்கும் பக்கங்களை மட்டும் குறித்து, பில் எண்களைத் திருத்தினோம். பிறகு, பழைய பட்டியலை ஒதுக்கிவிட்டு, முழுக் கோப்பிலிருந்தும் புதிதாக 300 வரி எடுத்தோம். திருத்திய வரிகளையே மறுபடி பார்த்தால் நம் கைவேலையைத்தான் பார்க்கிறோம்.

இந்த முறை ஒரே ஒரு தவறு. பூஜ்யமாக இருந்திருந்தால் மூன்றை 300-ஆல் வகுத்து, அதிகபட்சம் நூற்றுக்கு ஒன்று என்று சொல்லியிருக்கலாம். ஒரு தவறு வந்தால் மூன்றுக்குப் பதில் 4.74-ஐ வகுக்க வேண்டும் என்றார் மேடம். நூற்றுக்கு 1.6 வந்தது. நான் முதலில் சொன்ன நூற்றுக்கு ஒன்றை அது தாண்டிவிட்டது. இன்னும் 300 பார்ப்பதா என்று முதல்வரிடம் போய் நின்றேன். 1.6 என்று எழுதியே கொடுத்துவிடுங்கள் என்றார். அப்படியே எழுதி, ரூ. 5,000-க்கு மேல் விலையுள்ள நூல்கள் ஒன்றுவிடாமல் பார்க்கப்பட்டன என்பதையும் சேர்த்து, இரண்டு 300 எண்களின் பட்டியலையும் பின்னால் வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.